மாலை நாலரை மணிக்கு மேல் வைக்கும் தீ

வயலில் மதியம் ஒரு மணிக்கு வைத்த தீயும் மாலை ஐந்து மணிக்கு வைத்த தீயும் ஒன்றல்ல. எரிவது அதே வைக்கோல், அதே ஏக்கர்தான். ஆனால் முதல் தீயின் புகை மேலே ஏறி எங்கோ போய்விடும். இரண்டாவது தீயின் புகை ராத்திரி முழுக்க ஊருக்குள்ளேயே படுத்திருக்கும். பஞ்சாபில் பட்டியாலா மாவட்டத்து நாபாவில் சில வருஷம் வேலை பார்த்தபோது நான் தெரிந்துகொண்டதில் ரொம்பவும் பயன்பட்டது இதுதான். டெல்லியிலோ லூதியானாவிலோ சண்டிகரிலோ குடும்பத்தோடு இருக்கும் நம்மவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நாபாவும் பக்கத்து பாத்சோனும் நெல் அறுப்பு மிஷின் செய்கிற ஊர்கள். எனக்கு வேலை மிஷின் சர்வீஸ் பிரிவில். சீசனில் பட்டறையில் இருப்பதைவிட வயலில் இருப்பதுதான் அதிகம். அதனால் எரிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், எரிக்காமல் சமாளிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். புகையை அவர்களோடு சேர்ந்து நானும் குடித்திருக்கிறேன்.

நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது, "வைக்கோலைப் போய் யாராவது எரிப்பார்களா?" என்பதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் வைக்கோலுக்கு விலை உண்டு, மாடு தின்னும், கட்டு கட்டி வண்டியில் ஏற்றி விற்பார்கள். பஞ்சாபில் மாட்டுக்குப் போடுவது கோதுமை வைக்கோலை நறுக்கிய தூள். நெல் வைக்கோலில் மணல்சத்து அதிகம் என்று பெரும்பாலும் அதைத் தொடமாட்டார்கள். அதோடு அங்கே நெல்லுக்கு அடுத்து உடனே கோதுமை. 2009-இல் நிலத்தடி நீரைக் காப்பதற்காக ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஜூன் 10-க்கு முன்னால் நடவு நடக்கூடாது என்று அப்போது வைத்தார்கள். பிறகு அந்தத் தேதி இன்னும் சில நாட்கள் தள்ளியும் போனது. நடவு தள்ளினால் அறுப்பும் தள்ளும். அறுப்பு அக்டோபர் கடைசிக்கு வந்து நிற்கும். கோதுமையோ நவம்பர் நடுவுக்குள் மண்ணில் விழுந்தாக வேண்டும். இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வாரம். அதற்குள் ஏக்கருக்கு இரண்டு, இரண்டரை டன் வைக்கோலை என்ன செய்வது? ஒரு தீக்குச்சியில் முடிகிற வேலை அது. 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டும், அபராதம் வந்தும் நிற்காததற்குக் காரணம் இந்த நெருக்கடிதான். விவசாயியின் பிடிவாதம் என்று டெல்லியில் உட்கார்ந்து பேசுகிறவர்கள், ஒரு நவம்பர் மாதம் வரப்பில் நின்று பார்க்கலாம்.

சரி, புகைக்கு வருவோம்.

வெயில் அடிக்கும்போது தரை சூடாகிறது, தரையை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே போகிறது. அதோடு புகையும் போகிறது. நவம்பர் மதியத்தில் அங்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரம் வரை காற்று இப்படிக் கலந்து புரளும். மழைக்காலம் முடிந்துவிட்டது, வானத்தில் மேகம் இல்லை, காற்றும் இல்லை. இந்த நிலையில் சாயங்காலம் ஆனதும் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு வேகமாகக் குளிர்கிறது. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்ந்து கனமாகிறது. அதற்கு மேலே இருக்கும் காற்றோ பகல் சூட்டை இன்னும் விடவில்லை. மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று, இப்போது மேலே போகப் போகச் சூடாக இருக்கிறது. வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்று சொல்வது இதைத்தான். புகை ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஆறும். தன்னைவிடச் சூடான காற்றை எட்டியதும் அதற்கு மேல் போக முடியாமல் அங்கேயே படுக்கையாகப் பரவிவிடும். பானைக்கு மூடி போட்ட மாதிரிதான். மூடியின் உயரம் பகலில் ஒரு கிலோமீட்டர். ராத்திரியில் நூறு இருநூறு மீட்டர், சில சமயம் அதற்கும் கீழே.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, மூடி விழுவது இருட்டிய பிறகு அல்ல. நவம்பர் நடுவில் அங்கே சூரியன் மறைவது ஐந்தரை மணிவாக்கில். ஆனால் வெயில் சாய்ந்து வலுவிழந்ததுமே, அதாவது மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, தரை வாங்கும் சூட்டைவிட விடும் சூடு அதிகமாகிவிடும். நாலரை மணிக்கு இன்னும் நல்ல வெளிச்சம் இருக்கும், ஸ்வெட்டர்கூடத் தேவைப்படாது. ஆனால் வரப்பில் நின்றால் கணுக்காலில் மட்டும் ஒரு சில்லிப்பு தெரியும். அதுதான் ஆரம்பம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த உயரம் எவ்வளவு முக்கியம் என்பது புரியும். ஒரு டன் வைக்கோல் எரிந்தால் ஏறக்குறைய மூன்று கிலோ துகள் காற்றில் கலக்கும் என்பது ஆய்வுகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு. ஏக்கருக்கு இரண்டரை டன் என்றால் ஏழரை கிலோ. ஒரு கிராமத்தில் ஒரு சாயங்காலம் 20 ஏக்கர் எரிகிறது என்று வையுங்கள். மொத்தம் 150 கிலோ துகள். கிராமமும் வயலும் சேர்ந்து இரண்டு கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டர் அகலம். மூடி ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த 150 கிலோவும் பரவிக் கலந்த பிறகு ஒரு கன மீட்டர் காற்றில் 37.5 மைக்ரோகிராம்தான் கூடும். மூடி நூறு மீட்டரில் இருந்தால் அதுவே 375. நுண்துகளுக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் ஒரு நாள் சராசரி வரம்பு 60. அதே 20 ஏக்கர், அதே வைக்கோல். அந்தக் கிராமத்து நிலத்தில் அது நூற்றில் இரண்டு பங்குதான்.

காற்றே இல்லை, புகை முழுக்க அந்தப் பெட்டிக்குள்ளேயே நிற்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு இது, நிஜத்தில் கூடக் குறைய இருக்கும். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் அந்த இரண்டு கிலோமீட்டரைப் பன்னிரண்டு நிமிஷத்தில் துடைத்துக்கொண்டு போய்விடும். ஆனால் மூடி விழும் ராத்திரிகளில் காற்று நடக்கிற வேகத்தில்கூட வராது. வந்தாலும் கொண்டு வருவது பக்கத்து ஊர்ப் புகையைத்தான்.

இன்னொரு விஷயத்தை வயலில் நின்றால்தான் பார்க்க முடியும். அறுப்பு மிஷின் போன பிறகு முழங்கால் உயரத்துக்குத் தாள் நிற்கும், வெட்டிய வைக்கோல் மிஷினின் பின்னால் வரிசையாக விழுந்து கிடக்கும். தீ வைத்தால் மேலே காய்ந்து கிடக்கும் வரிசை சடசடவென்று எரியும். அந்தத் தீயில் சூடு அதிகம் என்பதால் புகை நெட்டுக்குத்தாக ஏறும். பத்து நிமிஷத்தில் ஜுவாலை அடங்கிவிடும். ஆனால் அடியில் ஈரமாகக் கிடந்த வைக்கோலும் தாளின் வேர்ப்பக்கமும் எரியாமல் புகைந்துகொண்டே இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் கருஞ்சாம்பலுக்கு நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைப் புகை ஊர்ந்துகொண்டிருக்கும். அதற்கு மேலே ஏறச் சூடு கிடையாது. எரிகிற வைக்கோலைவிடப் புகைகிற வைக்கோல்தான் டன்னுக்கு அதிகத் துகள் விடுகிறது. அதனால் மதியம் எரித்தவரும் முழுக்கத் தப்பிவிடவில்லை. அவர் வீட்டுக்குப் போன பிறகும் அந்த வயல் விடிய விடிய மூடிக்கு அடியில் புகையை விட்டுக்கொண்டிருக்கும்.

மூடி விழுந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். செங்கல் சூளைப் புகையைப் பாருங்கள். பகலில் அது ஏறி ஏறிக் கலைந்து போகும். மூடி விழுந்ததும் சிம்னிக்குக் கொஞ்சம் மேலே திரும்பி, நீளமாகப் படுத்துவிடும். வரப்பில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களின் உச்சி தெளிவாகத் தெரியும், அடிமரம் கலங்கலாகத் தெரியும். தலைக்கு மேலே பார்த்தால் நட்சத்திரம் இருக்கும், ஆனால் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெட்ரோல் பங்க் விளக்கு மங்கிப்போய் இருக்கும். வானம் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று பலர் ஏமாறுவது இதனால்தான். மேலே பார்க்கும்போது நூறு மீட்டர் புகையைத் தாண்டிப் பார்க்கிறோம், பக்கவாட்டில் பார்க்கும்போது புகைக்குள்ளேயே பார்க்கிறோம்.

சத்தமும் ஒரு அடையாளம். பட்டியாலாவிலிருந்து நாபா வழியாகத் தூரி போகும் ரயில் பாதை என் அறையிலிருந்து ரொம்பத் தூரம். பகலில் ஒன்றும் கேட்காது. இப்படிப்பட்ட ராத்திரிகளில் ஹாரன் மட்டுமல்ல, பெட்டிகளின் தடதடப்பே கேட்கும். மேலே போகும் ஒலியைச் சூடான காற்று கீழே வளைத்துவிடுகிறது. இது போதாதென்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு தெர்மாமீட்டர், கீழே தோட்டத்து வேலியில் ஒரு தெர்மாமீட்டர் கட்டி வைத்துப் பார்த்தேன். வீட்டுச் சொந்தக்காரர் சிரித்தார். "காய்ச்சல் யாருக்கு, தொட்டிக்கா வேலிக்கா?" என்றார். இரண்டே மாடி உயரத்துக்கு இருட்டிய பிறகு ஒன்றரை, இரண்டு டிகிரி மேலே கூடுதலாகக் காட்டும் நாட்கள் நிறைய இருந்தன. மேகமாக இருந்த நாளிலும் காற்றடித்த நாளிலும் இரண்டும் ஒன்றாகவே காட்டின. அப்புறம் அவரே சாயங்காலம் மாடிக்குப் போய்ப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

காலையில் தெரிந்துகொள்ளப் பனித்துளி போதும். மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில்தான் பனி இறங்கும். அதே ராத்திரியில்தான் மூடியும் இறுகும். பைக் சீட்டில் தண்ணீர் வழிந்தால் ராத்திரிப் புகை எங்கும் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

விடிந்ததும் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வெயில் வந்து தரை சூடாகத் தொடங்கும்போது மூடி கீழிருந்து மெதுவாகக் கரைகிறது. காற்று புரள ஆரம்பித்ததும், ராத்திரி கொஞ்சம் உயரத்தில் படுத்திருந்த புகையும் நேற்றைய மிச்சமும் கீழே இழுபடும். எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் திடீரென்று புகை கூடினால் யாரோ புதிதாகத் தீ வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. காலை நடைப்பயிற்சிக்காரர்களும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் சரியாக அந்த நேரத்தில்தான் வெளியே இருக்கிறார்கள். என் மனைவி நடையை மதியம் இரண்டரை மணிக்கு மாற்றிக்கொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேடிக்கையாகப் பார்த்தார்கள். இருமல் குறைந்தது யாருக்கு என்பது வேறு கதை.

வீட்டில் நாங்கள் செய்தது இதுதான். ஜன்னல் திறப்பது மதியம் பன்னிரண்டரைக்கு மேல், மூடுவது நாலு மணிக்கு. வட இந்தியக் குளிருக்குப் பழகாத நம்மவர்கள் காலையில் "காத்தோட்டமா இருக்கட்டும்" என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டு, மதியம் தூசி வரும் என்று மூடுவார்கள். நவம்பரில் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கதவின் அடியிலும் பால்கனிக் கதவு இடுக்கிலும் பழைய புடவையைச் சுருட்டி வைத்தோம். சமையலில் வறுப்பது, பொரிப்பது, சாம்பிராணி போடுவது எல்லாம் ஜன்னல் திறந்திருக்கும் நேரத்துக்குள். ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே எண்ணெய் காய வைத்தால் வெளியே இருப்பதற்குக் குறையாத புகை உள்ளே கிளம்பும். முகக்கவசம் என்றால் என்-95தான். துணியும் கைக்குட்டையும் இந்த நுண்துகளுக்குப் பெரிதாகப் பயன்படாது. பைக்கில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கால்வாய் ஓரம், தாழ்ந்த வயல் ஓரம், பாலத்துக்கு அடியில் போகும் சாலை, இங்கெல்லாம் குளிர்ந்த காற்று போய்த் தேங்கும், புகையும் அங்கேயே தேங்கும். நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த சாலை ஒரு இறக்கத்தில் சட்டென்று மறையும். அந்த இடங்களில் வேகத்தை முன்கூட்டியே குறைக்காவிட்டால் முன்னால் போகும் கரும்பு டிராலியை இடித்த பிறகுதான் பார்ப்போம். டிராலிகளுக்குப் பெரும்பாலும் பின்விளக்கே கிடையாது.

காற்றுத் தர எண்ணை நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. அரசு வெளியிடும் எண் கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. மதியம் நன்றாக இருந்த நேரமும் அதில் சேரும். ராத்திரி பத்து மணிக்கு மூச்சுத் திணறும்போதும் அந்த எண் மெதுவாகத்தான் ஏறும். மறுநாள் மதியம் காற்று தெளிந்த பிறகும் "மிக மோசம்" என்று காட்டிக்கொண்டிருக்கும். வெளியே போகலாமா என்று முடிவு செய்ய வேண்டுமானால் அந்த மணிக்கான நுண்துகள் அளவைப் பாருங்கள். கையடக்கக் கருவி வாங்கி வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. விடியற்காலை ஈரத்தில் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப் போகும். விலை குறைந்த கருவிகள் அப்போது உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். மூடுபனி இருக்கும் காலையில் அந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

எரிக்காமல் சமாளிக்கும் மிஷின்களுக்கும் பகை அதே பனிதான். ஹேப்பி சீடர் என்பது முன்னால் தாளை வெட்டி ஒதுக்கி, அடியில் கோதுமை விதையை இறக்கி, வைக்கோலை மூடாக்காக மேலேயே விட்டுவிடும் மிஷின். சூப்பர் சீடர் வைக்கோலை மண்ணோடு கலக்கி அடித்துவிட்டு விதைக்கும், அதற்கு இன்னும் பெரிய டிராக்டர் வேண்டும். ஹேப்பி சீடர் ஒழுங்காக ஓட வேண்டுமானால் அறுப்பு மிஷினின் பின்னால் வைக்கோலை நறுக்கிச் சமமாகச் சிதறடிக்கும் சாதனம் இருக்க வேண்டும். அது இல்லாமல் வரிசை வரிசையாகக் கிடக்கும் வைக்கோலில் இறக்கினால் நூறு அடிக்கு ஒரு தரம் அடைத்துக்கொள்ளும். எனக்கு வந்த புகார்களில் பாதி இதுதான், மிஷின்மேல் குற்றமே இல்லை. மீதியில் பெரும்பகுதி, பனி காய்வதற்கு முன்னால் ஓட்டியது. நனைந்த வைக்கோல் வெட்டுப்படாமல் கயிறு மாதிரி உருளையில் சுற்றிக்கொள்ளும். பத்து மணிக்கு மேல் ஒரு பிடி வைக்கோலை முறுக்கிப் பார்க்கச் சொல்வேன். முறிந்தால் ஓட்டலாம், வளைந்தால் டீ குடிக்கப் போகலாம்.

பத்தரைக்கு ஆரம்பித்து ஐந்து மணிக்கு மறுபடி ஈரம் ஏறுவதற்குள் நிறுத்த வேண்டும். மிஷின் ஒரு நாளைக்கு ஓட்டுவது ஆறேழு ஏக்கர். இருபது நாள் சீசனுக்கு ஒரு மிஷின் 120, 140 ஏக்கர் முடிக்கும், அதுவும் ரிப்பேர் இல்லாமல் ஓடினால். ஊருக்கு ஆயிரம் ஏக்கர் நெல் இருந்தால் ஏழெட்டு மிஷின் வேண்டும். மானியத்தில் வந்து ஷெட்டில் நிற்பதைக் கணக்கில் எடுக்கக்கூடாது, ஓடுவதை மட்டும் எடுக்க வேண்டும். நவம்பர் 10 தாண்டியும் வரிசையில் தன் முறை வராத ஆள் அன்றைக்குச் சாயங்காலம் என்ன செய்வார் என்பது தெரிந்ததுதான். இந்த நெருக்கடியைத் தளர்த்தியது எது என்று கேட்டால், நான் மிஷினைவிட நெல் ரகத்தைத்தான் சொல்வேன். பூசா 44 அறுப்புக்கு வர 155, 160 நாள் ஆகும், வைக்கோலும் அதிகம். பி.ஆர். 126 அதைவிட ஒரு மாதம் முன்னாலேயே வந்துவிடும். அந்த ரகம் போட்டவர்களுக்கு மிஷினுக்குக் காத்திருக்கவும் நாள் இருந்தது, மூடி இறுகுவதற்கு முன்னால் வேலையும் முடிந்தது.

அரசுக் கணக்கில் பஞ்சாபில் தீ வைத்த நிகழ்வுகள் 2023-இல் 36,663, 2024-இல் 10,909. ஆனால் இதை அப்படியே சந்தோஷமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தீயை எண்ணும் முக்கியமான செயற்கைக்கோள்கள் பகலில் மேலே வருவது மதியம் ஒன்றரை மணி வாக்கில். அவை போன பிறகு தீ வைப்பது கூடிவிட்டது என்று, ஒரே இடத்துக்கு மேலே நிலையாக நிற்கும் கொரியச் செயற்கைக்கோளின் படங்களைப் பார்த்து ஆராய்ச்சியாளர்கள் 2024-இல் சொன்னார்கள். வயலில் நின்றவர்களுக்கு இது செய்தியே இல்லை. "மேலே கண் இருக்கு பாஜி, நாலு மணிக்கு மேலே வைக்கலாம்" என்று வரப்பில் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். எண்ணிக்கையைக் குறைக்க வந்த கண்காணிப்பு, தீயை ஒரு மணியிலிருந்து ஐந்து மணிக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்பதை மேலே போட்ட கணக்கிலேயே பார்க்கலாம்.

நம் ஊரிலும் இந்த மூடி விழுவது உண்டு. 2018 ஜனவரியில் போகியன்று விடியலில் சென்னை விமான நிலையத்தில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் இறங்க முடியாமல் போனது ஞாபகம் இருக்கலாம். தையில் அறுப்பு முடிந்து தாளையோ கரும்புச் சோகையையோ எரிக்கிற இடங்களிலும் இதே கதைதான். பக்கத்து வயல்காரர் எரித்தே தீருவேன் என்று நின்றால், சண்டை போட்டுப் பயனில்லாத பட்சத்தில், இரண்டு விஷயத்தையாவது கேட்டு வாங்கலாம். பதினோரு மணிக்கு மேல் வைத்து மூன்று மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். ஜுவாலை அடங்கியதும் அப்படியே விட்டுவிட்டுப் போகாமல், புகைகிற இடங்களில் தண்ணீர் விடவோ ஒரு சால் உழுது மண்ணால் மூடவோ சொல்லுங்கள். நாபாவில் என் வீட்டுச் சொந்தக்காரர் தன் மைத்துனரிடம் இதைத்தான் கேட்டார். தண்ணீர் விடுவதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார், அதுவும் மோட்டார் பக்கத்தில் இருந்த மூன்று ஏக்கருக்கு.